சுகந்திக்கு ஒரு கடிதம்

வவுனியா
ஞாயிறு இரவு

அன்புள்ள சுகந்தி,

தொலைபேசியில் பேசினால் நீ பாதியிலேயே "பரவாயில்லையடி" என்று சொல்லி வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

ஏழு வருடம் செய்த கண்ணிவெடி அகற்றும் வேலை ஒரு கடிதத்தோடு போய்விட்டது. இது சின்ன விஷயமல்ல. வீட்டில் உழைக்கிற ஆள் நீ ஒருத்திதான். அம்மாவின் மருந்து, மகளின் படிப்பு எல்லாம் அந்தச் சம்பளத்தில்தான் நடந்தன. எல்லாம் நன்மைக்கே என்று ஆறுதல் சொல்ல இந்தக் கிழமை பலர் வருவார்கள். அவர்கள் மனதில் கெட்ட எண்ணமில்லை. ஆனால் அவர்களுக்காக நீ சிரித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. அழுகை வந்தால் அழு.

"நான் மெதுவாகச் செய்கிறேன் என்று நினைத்திருப்பார்களோ" என்று கேட்டாயே, அதுதான் என்னை உறங்கவிடவில்லை. உன் குழுவில் இருந்த அத்தனை பேரையும் நிறுத்தியிருக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த நிதி நின்றுபோனது. உன் கையின் வேகத்தை யாரும் அளந்து பார்க்கவில்லை. அளந்திருந்தாலும் என்ன? கண்ணிவெடி அகற்றுகிறவள் மெதுவாகச் செய்வதுதான் சரியான வேலை. முகமாலை வெயிலில் அந்தக் கனத்த மேலங்கியோடும் முகக்கவசத்தோடும் முழங்காலில் நின்று, டிடெக்டர் சத்தம் போட்ட இடத்தை விரற்கடை விரற்கடையாகக் கிளறிய உன்னை எவரும் எடைபோட நான் விடமாட்டேன், நீயும் உட்பட. வருடக்கணக்காக முன்னரங்கமாக இருந்து, இரண்டு பக்கமும் வெடி புதைத்த நிலம் அது. இன்று அங்கே சனங்கள் திரும்பிவந்து தென்னை வைத்திருக்கிறார்கள். கண்ணிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017இல் சேர்ந்தபோது 2028க்குள் முழு நிலத்தையும் துப்பரவாக்குவதாக ஒப்புக்கொண்டது. அந்த வேலை இன்னும் மிச்சம் கிடக்கிறது. மிச்சம் கிடக்கும்போதே உங்களை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்பதில் எனக்கு ஆத்திரம்தான்.

இனிப் பணக் கதை. இதை ஆறுதலாக வாசி.

ஐந்து வருடமோ அதற்கு மேலோ ஒரே இடத்தில் வேலை செய்தவர்களுக்குப் பணிக்கொடை உண்டு. பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடமென்றால் அதைக் கொடுத்தே ஆகவேண்டும். முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் கடைசி மாதச் சம்பளத்தில் பாதி. உனக்கு மூன்றரை மாதச் சம்பளம் வரவேண்டும், அதுவும் வேலை நின்று முப்பது நாளுக்குள். "வருடா வருடம் புதுப்பித்த ஒப்பந்தம்தானே" என்று யாராவது தட்டிக்கழிக்கப் பார்த்தால் அங்கேயே தலையாட்டிவிடாதே. தொழில் திணைக்களத்தில் கேட்போம். ஊழியர் நம்பிக்கை நிதியத்தில் சேர்ந்திருக்கும் பணத்தையும் வேலை விட்ட காரணத்தைக் காட்டி எடுக்கலாம். சேமலாப நிதி மட்டும் பொதுவாகப் பெண்களுக்கு ஐம்பது வயதில்தான் கைக்கு வரும். அதை இப்போது கணக்கில் எடுக்காதே. விளங்காத எந்தத் தாளிலும் கையெழுத்து வைக்காதே.

இன்னொன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். நுண்கடன்காரர் வாசலுக்கு வருவார்கள், வேலை போன செய்தி அவர்களுக்குச் சீக்கிரம் எட்டும். கிழமைக் கட்டுப்பணத்துக்காக நகையை அடைவு வைத்து, அதை மீட்க இன்னொரு கடன் எடுத்து நொந்துபோன பெண்களை உன் ஒழுங்கையிலேயே உனக்குத் தெரியும். கை முட்டுப்பட்டால் அவர்களுக்கு முன்னால் எனக்குச் சொல். மகளின் சாதாரண தரப் பரீட்சை முடியும்வரை ரியூஷன் காசு என் பொறுப்பு. கடனாகத்தான் வாங்குவேன் என்று அடம்பிடித்தால் கடனாகவே வைத்துக்கொள், வட்டியும் தவணையும் கிடையாது.

அடுத்த வேலை எப்போது கிடைக்கும் என்று எனக்குத் தெரியாது. மற்றக் குழுக்களிலும் ஆட்களைக் குறைக்கிறார்களாம். ஆடைத் தொழிற்சாலையில் எடுத்தாலும் இந்தச் சம்பளம் வராது. சில மாதம் இறுக்கமாகத்தான் இருக்கும். இந்த மாதமே ஏதாவது பிடித்தாக வேண்டும் என்று உன்னை வருத்தாதே. பணிக்கொடை கைக்கு வரட்டும், பிறகு இருந்து யோசிப்போம். முதலுதவிப் பயிற்சிச் சான்றிதழையும் சேவைக் கடிதத்தையும் மட்டும் இப்போதே கேட்டு வாங்கிவிடு. பிந்தினால் அலுவலகத்தில் ஆளிருக்காது.

வியாழக்கிழமை லீவு எடுத்திருக்கிறேன். காலை பஸ்ஸில் கிளிநொச்சிக்கு வருகிறேன். நீ தருமபுரத்திலிருந்து ஒன்பது மணிக்குள் பஸ் நிலையத்துக்கு வந்துவிடு, இருவருமாகத் தொழில் அலுவலகத்துக்குப் போவோம். வேலைக்கு எடுத்த கடிதம், நிறுத்திய கடிதம், சம்பளத் துண்டுகள், அடையாள அட்டை, வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு வா. அம்மாவிடம் மதியச் சாப்பாட்டுக்கு நானும் இருப்பேன் என்று சொல்லிவிடு.

அன்புடன்
வதனி