ஐப்பசிப் பூரட்டாதியில் பிறந்த ஆச்சிக்கு

ஆச்சி, பிறந்தநாள் வாழ்த்துகள். எழுபத்தைந்து முடிந்து எழுபத்தாறு பிறந்துவிட்டது உங்களுக்கு. இதை அத்தை வாசித்துக் காட்டுவாள். அவசரப்படாமல் வாசிக்கச் சொல்லியிருக்கிறேன். வெற்றிலையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து கேளுங்கள்.

உங்கள் ஆதார் அட்டையில் ஜூலை 1 என்று இருக்கிறது. அது யாரோ எழுதிவிட்ட தேதி. 1950, விகிருதி வருஷம், ஐப்பசி மாசம், பூரட்டாதி நட்சத்திரம், ஆற்றில் வெள்ளம் கரைதொட்டுப் போன நேரம். இதுதான் உங்கள் அம்மா உங்களுக்குச் சொல்லிவைத்தது. அதனால் காலண்டரில் பூரட்டாதி பார்த்துத்தான் இன்றைக்கு எழுதுகிறேன். எங்கள் எல்லோருடைய நட்சத்திரத்துக்கும் கோயிலில் அர்ச்சனைக்குச் சொல்கிறவர் நீங்கள். இன்றைக்கு உங்கள் பேருக்குச் செய்யும்படி மாமாவிடம் சொல்லியிருக்கிறேன்.

ஆச்சி, உங்களை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது முகம் இல்லை, விரல்கள்தான். திண்ணையில் கால் நீட்டி, மடியில் பீடித் தட்டை வைத்து உட்கார்ந்திருப்பீர்கள். முந்தின நாள் நனைத்து வைத்த இலையைத் தகரத்தை வைத்து அளவாக வெட்டி, தூளைப் போட்டு, சுற்றி, தலையை மடக்கி, நூலைக் கட்டி... கண் தட்டில் இருக்காது. என் வாய்ப்பாட்டைக் கேட்டுக்கொண்டே இருப்பீர்கள். பள்ளிக்கூடம் போகாத நீங்கள், ஏழெட்டு எவ்வளவு என்று நான் தடுமாறினால் உடனே பிடித்துவிடுவீர்கள். இருபத்தைந்து பீடி ஒரு கட்டு என்று எண்ணி எண்ணிப் பழகிய மனக்கணக்கு அது.

சாயங்காலம் கடையில் நல்ல பீடியையும் கழிவு என்று எடுத்துப் போடுவார்கள். அங்கே ஒரு வார்த்தை பேசமாட்டீர்கள். வீட்டுக்கு வந்து விளக்கு வைத்த பிறகும் சுற்றுவீர்கள். அந்தக் காசில்தான் அம்மா டீச்சர் டிரெய்னிங் படித்தாள். உதவித்தொகைக்காக பீடித் தொழிலாளர் அட்டையைச் சேலை முந்தானையில் முடிந்துகொண்டு நீங்கள் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கியதை அம்மா இன்றும் சொல்வாள். நான் நர்ஸ் ஆனது அங்கிருந்து வந்ததுதான்.

போன மாதம் ஒரு பாட்டிக்கு ஊசி போட நரம்பே கிடைக்கவில்லை. என் கை பதறவில்லை ஆச்சி. மெதுவாகத் தடவிப் பார்த்துப் பிடித்துவிட்டேன். "நல்ல கைம்மா உனக்கு" என்றார் அந்தப் பாட்டி. எங்க ஆச்சி கை என்று சொன்னேன்.

நான் பெரியவளானபோது தினமும் காலையில் உளுந்தங்களி கிண்டி, கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டுக் கொடுத்தீர்கள். ஓடப் பார்த்தால், "ஏட்டி, இடுப்புக்குப் பலம் வேண்டாமா?" என்று கிண்ணம் காலியாகிறவரை பக்கத்திலேயே நிற்பீர்கள். நைட் டியூட்டியில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறேன், இடுப்பு வலி என்று நான் படுத்ததில்லை.

எனக்கு உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, சட்டியில் ஒட்டியிருப்பதை வழித்துச் சாப்பிடுகிற பழக்கத்தை இந்த வயதிலாவது விடுங்கள். சூடாகச் சாப்பிடுங்கள். முதல் ஆளாகச் சாப்பிடுங்கள். பீடித் தட்டைக் கீழே இறக்கி வைத்துப் பல வருஷம் ஆகியும், அந்த இருமல் ஐப்பசி மழைக்கு இன்னும் வருகிறது என்று அத்தை சொன்னாள். கஷாயம் நல்லதுதான், ஆனால் டாக்டரிடமும் காட்ட வேண்டும். நான் வந்து கூட்டிக்கொண்டு போகிறேன், அதுவரை குளிர்ந்த தண்ணீரில் தலைக்குக் குளிக்க வேண்டாம்.

நீங்கள் நன்றாக இருக்க வேண்டும் ஆச்சி. கால் வலி இல்லாமல் ஆற்றுப் படித்துறை வரைக்கும் நடக்க வேண்டும். பேச்சுத்துணைக்குத் திண்ணையில் எப்போதும் ஆள் இருக்க வேண்டும். என் பிள்ளைக்கும் நீங்களே வாய்ப்பாடு கேட்க வேண்டும். கல்யாணமே ஆகவில்லை, அதற்குள் பிள்ளையா என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள், அந்தச் சிரிப்பைக் கேட்கத்தான் எழுதினேன்.

வெள்ளிக்கிழமை ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறுகிறேன். சனிக்கிழமை காலையில் திருநெல்வேலி, அங்கிருந்து முக்கூடல் பஸ். உங்களுக்குப் பிடித்த மாதிரி கனம் இல்லாத சுங்குடிச் சேலை, அரக்கு நிறத்தில், எடுத்து வைத்திருக்கிறேன். அன்றைக்கு மத்தியானம் சொதி நான் வைக்கிறேன். தேங்காய்ப்பால் மூன்று தடவை எடுக்க வேண்டும், கடைசியில் கெட்டியான முதல் பாலை விட்டபின் கொதிக்கக் கூடாது, எல்லாம் தெரியும். நீங்கள் அடுப்படிப் பக்கம் வரக் கூடாது. இலை போட்டதும் முதல் ஆளாக உட்காருங்கள், சரியா?

உங்கள் பேத்தி,
செல்வி