வடிகாலுக்குள் தண்ணீர் இறங்குகிறதா என்று மழைக்கு முன்பே ஊற்றிப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மடிப்பாக்கத்தில் நாங்கள் வசிக்கும் தெருவில் மழைநீர் வடிகால் கட்டி முடித்த பிறகு இரண்டு மழைக்காலங்கள் கடந்துவிட்டன. இரண்டிலும் தெருவில் முக்கால் அடித் தண்ணீர் நாள்கணக்கில் நின்றது. கடந்த ஐப்பசியில் அப்படி நின்றிருந்த ஒரு காலையில், எதிர்வீட்டு இளைஞர்கள் இருவர் கடப்பாரையால் வடிகால் மூடியை நெம்பித் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தார்கள். நானும் அருகில் நின்று பார்த்தேன். உள்ளே அடித்தளத்தை நனைக்கும் அளவுக்குத்தான் தண்ணீர் இருந்தது. வடிகால் நிரம்பி வழிந்ததால் தெரு மூழ்கவில்லை. தெருத் தண்ணீர் வடிகாலுக்குள் நுழையவே இல்லை.

காரணம் கண்ணுக்குத் தெரிகிறது. வடிகால் சுவரில், சாலைப் பக்கமாக, தண்ணீர் இறங்குவதற்கென்று துவாரங்கள் விடுகிறார்கள். எங்கள் தெருவின் பதினான்கு துவாரங்களில் ஐந்து, கட்டுமானத்தின்போது சிந்திய கான்கிரீட்டாலும் பின்னர் சேர்ந்த மண்ணாலும் அடைபட்டுக் கிடக்கின்றன. மற்றவை திறந்திருந்தாலும், வடிகால் கட்டிய பிறகு பாதாளச் சாக்கடைக் குழாய் பதிக்கத் தோண்டி மூடிய சாலை உள்வாங்கிவிட்டதால், இப்போது சாலை மட்டத்திலிருந்து ஏறக்குறைய ஒரு சாண் உயரத்தில் நிற்கின்றன. தண்ணீர் அந்த ஒரு சாணைத் தொட்ட பிறகே வடியத் தொடங்கும். அதற்குக் கீழே நிற்பது வெயிலில் காய வேண்டும், இல்லையென்றால் மோட்டார் வைத்து இறைக்க வேண்டும்.

எங்கள் தெருவில் வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்குச் செல்லும் ஒரு மூதாட்டி இருக்கிறார். தண்ணீர் நின்ற நாள்களில் ஆட்டோ உள்ளே வர மறுத்ததால், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நான்கு பேர் முதன்மைச் சாலை வரை தூக்கிச் சென்றார்கள். வடிகால் இல்லாத காலத்திலும் அவரை இப்படித்தான் தூக்கினோம் என்பதை நினைக்கும்போது மனம் பொறுக்கவில்லை.

புகார் எண்ணில் மூன்று முறை பதிவு செய்தோம். ஒவ்வொரு முறையும் டிராக்டரில் பொருத்திய மோட்டார் வந்து தண்ணீரை இறைத்தது. புகார் தீர்க்கப்பட்டதாகக் குறுஞ்செய்தியும் வந்தது. ஆண்டுதோறும் மழைக்கு முன் நடக்கும் தூர்வாரும் பணியும் தவறாமல் நடந்தது. ஆனால் தண்ணீரே நுழையாத வடிகாலின் உட்புறத்தைத் தூர்வாருவதால் தெருவுக்கு என்ன பயன்?

ஏரிகள், பள்ளிக்கரணை சதுப்பு நிலம், கால்வாய் ஆக்கிரமிப்பு ஆகியவை பெரிய கேள்விகள். அவற்றுக்குக் காலமும் பணமும் தேவை என்பதை ஒப்புக்கொள்கிறேன். நான் கேட்பது ஒன்றே ஒன்று. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஆம் தேதியையொட்டித் தொடங்குகிறது. ஆகவே அக்டோபர் 10-ஆம் தேதிக்குள், வடிகால் கட்டப்பட்டும் கடந்த ஆண்டு தண்ணீர் தேங்கிய ஒவ்வொரு தெருவிலும், 12,000 லிட்டர் லாரி ஒன்றில் சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீரைக் கொண்டுவந்து, வார்டுப் பொறியாளரும் தெருவாசிகளும் பார்த்திருக்கத் தாழ்வான இடத்தில் திறந்துவிட வேண்டும். 200 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமும் உள்ள ஒரு தெருவின் மீது ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சேரும் நீரின் அளவும் சரியாக இதுதான். வானிலை ஆய்வு மையம் 24 மணி நேரத்தில் சுமார் ஆறரை சென்டிமீட்டரைத் தாண்டினால்தான் கனமழை என்கிறது. அதில் ஆறில் ஒரு பங்குகூட அரை மணி நேரத்தில் வடியவில்லை என்றால், அந்தத் தெருவின் துவாரங்களைச் சாலை மட்டத்துக்கு வெட்டி இறக்கி, அடைப்பை நீக்கி, மீண்டும் ஒருமுறை ஊற்றிப் பார்க்க வேண்டும். தெருவின் பெயர், சோதனை நாள், தண்ணீர் வடிய ஆன நேரம் ஆகியவற்றைப் பொறியாளரின் கையொப்பத்துடன் வார்டு அலுவலகப் பலகையில் ஒட்ட வேண்டும்.

இதற்குப் புதிய திட்டமோ ஒப்பந்தப்புள்ளியோ தேவைப்படாது. தெருவுக்கு ஒரு லாரி, கான்கிரீட் வெட்டும் கருவியுடன் இரண்டு தொழிலாளர்கள், ஒரு நாள் வேலை.

எங்கள் தெருவின் பதினான்கு துவாரங்களையும் அளந்து, படம் எடுத்து, வரிசை எண்ணிட்டு வைத்திருக்கிறோம். பொறியாளர் எந்த நாளில் வருகிறார் என்பதை இரண்டு நாள் முன்னதாகத் தெரிவித்தால் போதும். தெருவில் நிறுத்தியிருக்கும் வண்டிகளை நாங்களே அகற்றித் தருவோம்.

இப்படிக்கு,
ப. மீனாட்சி,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை,
மடிப்பாக்கம், சென்னை - 91.