பொருள்: 5,000 தினசரி காலண்டர்கள் – தவறிய தேதிக்கு மன்னிப்பும் புதிய தேதியும்

சிவகாசி
11.12.2025, வியாழன்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நேற்று, டிசம்பர் 10ஆம் தேதி, காரைக்குடியில் உங்கள் கடை வாசலில் இறங்கியிருக்க வேண்டிய 5,000 தினசரி காலண்டர்கள் இன்னும் எங்கள் அச்சகத்தை விட்டுக் கிளம்பவில்லை. தவறு முழுக்க எங்களுடையது. அதற்காக உங்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

நடந்தது இதுதான். உங்கள் கடை இடம் மாறியதால் பழைய தொலைபேசி எண்ணை அடித்துவிட்டுப் புதிய எண்ணை எழுதி, நவம்பர் 14ஆம் தேதி புரூஃபைத் திருப்பி அனுப்பினீர்கள். எங்கள் வடிவமைப்பாளர் அன்றைக்கே திருத்திவிட்டார். ஆனால் பிளேட் போடும்போது திருத்தாத பழைய கோப்பு போய்விட்டது. பிளேட்டை மெஷினில் ஏற்றுவதற்கு முன் புரூஃபைப் பக்கத்தில் வைத்துச் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டியவன் நான். காலண்டர் பருவத்தின் நெரிசலில் பார்க்காமலே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். 5,000 அட்டையும் லேமினேஷன், ஃபாயில் எல்லாம் முடிந்து, தேதித் தாள் கட்டைப் பொருத்த எடுத்தபோதுதான், டிசம்பர் 6ஆம் தேதி, பழைய எண் கண்ணில் பட்டது.

அன்றைக்கே உங்களை அழைத்திருக்க வேண்டும். அழைக்கவில்லை. 8ஆம் தேதி நீங்களே கேட்டபோது, மழையால் லேமினேஷன் தாமதமாகிறது என்று எங்கள் அலுவலகத்தில் சொன்னார்கள். மழை பெய்தது உண்மைதான். தாமதத்துக்குக் காரணம் அது அல்ல. அப்படிச் சொல்லச் சொன்னது நான். பேசிய பெண்ணின் மேல் வருத்தம் வேண்டாம். அச்சுப் பிழையைவிட இதுதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. ஆடிப்பெருக்கன்று ஆல்பத்தைப் பார்த்து, முதல் ஆர்டரை எங்களுக்குத் தந்தவர் நீங்கள். மார்கழி முதல் தேதியிலிருந்து வாடிக்கையாளர்களுக்குக் காலண்டர் கொடுப்பது உங்கள் கடை வழக்கம் என்பதையும் அப்போதே சொல்லியிருந்தீர்கள்.

பழைய எண்ணின் மேல் ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பிவிடலாம் என்று இங்கே ஒரு யோசனை வந்தது. ஒரு வருடம் சுவரில் தொங்க வேண்டிய பொருள். ஸ்டிக்கர் பங்குனி வெயிலில் உரிந்துவிடும், அப்புறம் உங்களைத் தேடி அழைப்பவர்கள் யாரோ ஒருவர் வீட்டுக்குப் பேசிக்கொண்டிருப்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்த அட்டைகளை வெட்டிக் கழிவுக்குப் போட்டுவிட்டோம். 5,000 அட்டையையும் புதிதாகவே அச்சிடுகிறோம். தேதித் தாள் கட்டுகளில் எந்தப் பிழையும் இல்லை. அவை தயாராக இருக்கின்றன.

அச்சடிப்பது அரைநாள் வேலைதான். மை நன்றாகக் காய்ந்த பிறகே லேமினேஷன் போட முடியும். அதன்பின் ஃபாயில், டை கட்டிங், கடைசியாகக் கட்டைப் பொருத்தித் தகரப்பட்டை அடிப்பது. கடைசி வேலை முழுக்கக் கைவேலை என்பதால் அதை அவசரப்படுத்தினால் கட்டு கழன்றுவிடும். இதையெல்லாம் கணக்கில் வைத்து, ஞாயிற்றுக்கிழமையும் ஆள் போட்டு, இந்தத் தேதிகளைச் சொல்கிறேன்: முதல் 1,500 காலண்டர்கள் திங்கள் இரவு லாரியில் ஏறி, டிசம்பர் 16, செவ்வாய்க்கிழமை காலை கடை திறக்கும்போது உங்களிடம் இருக்கும். மார்கழி 1 அன்று கொடுக்கத் தொடங்க அது போதும் என்று நினைக்கிறேன். மீதி 3,500 டிசம்பர் 20, சனிக்கிழமை மாலைக்குள் வந்து சேரும்.

மறு அச்சுக்கான செலவும் இரண்டு முறை லாரி வாடகையும் எங்கள் கணக்கு. மொத்தப் பில்லில் பத்து சதவீதம் குறைத்துக்கொள்கிறோம். 20ஆம் தேதியும் தவறினால், அதற்குப் பின் வரும் காலண்டர்களுக்கு நீங்கள் பணம் தர வேண்டியதில்லை.

உங்களிடம் ஒரே ஒரு உதவி கேட்கிறேன். இன்று காலை போட்ட புதிய பிளேட்டின் முதல் தாளைப் படம் எடுத்து இத்துடன் இணைத்திருக்கிறேன். கடைப் பெயர், முகவரி, தொலைபேசி எண் மூன்றையும் ஒருமுறை பாருங்கள். நானும் புரூஃபோடு வைத்து எழுத்தெழுத்தாகப் பார்த்துவிட்டேன். ஆனாலும் இந்த முறை நீங்கள் சரி என்று சொல்லாமல் மெஷின் ஓடாது. மாலை நான்கு மணிக்கு நானே அழைக்கிறேன். கோபமாக நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்றால் அப்போது சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

திங்கள் இரவு லாரி கிளம்பியதும் ரசீதின் படமும் ஓட்டுநரின் எண்ணும் உங்கள் கைப்பேசிக்கு வந்துவிடும்.

இப்படிக்கு,
முருகேசன்
அச்சகப் பொறுப்பாளர்

இணைப்பு: புதிய அட்டையின் முதல் தாள்