இருப்புச் சரிபார்ப்பு அறிக்கை: மாங்கூழ்க் கிடங்கு, கிருஷ்ணகிரி

எண்ணிய நாள்: 31.03.2025, மாலை. பொருள்: தோத்தாபுரி மாங்கூழ், 3.1 கிலோ டின்.

பதிவேட்டின்படி 4,320 டின். எண்ணியதில் நல்ல நிலையில் 4,251. குறைவு 69.

இதில் 42 டின் (7 பெட்டி) அன்று காலையே லாரியில் போய்விட்டது; பில் ஏப்ரல் 2-ல்தான் பதிவானது. இது நஷ்டமில்லை, பதிவைத் திருத்தினால் சரி.

24 டின் உப்பியிருந்ததால் தனியே வைத்தோம். மேற்கூரை ஒழுகும் மூலையில் அடுக்கியவை. அடிவரிசையில் துரு, மடிப்பில் கசிவு. உப்பிய டின்னைக் குறைந்த விலைக்கும் விற்கக்கூடாது. டின் ரூ.210 வீதம் ரூ.5,040 தள்ளுபடி செய்து, மேலாளர் முன்னிலையில் அழிக்கலாம்.

மீதி 3 டின் (ரூ.630): இருமுறை எண்ணியும் கிடைக்கவில்லை. சாம்பிளுக்கு எடுத்து எழுதாமல் விட்டிருக்கலாம் என்பது என் ஊகம். ஆய்வகப் பதிவேட்டைப் பார்க்கும்வரை தள்ளுபடி வேண்டாம்.

கூரையை அடுத்த சீசனுக்கு முன் சரிசெய்யவும்.

– கணக்குப் பிரிவு