திங்கட்கிழமை ரயிலில் படிக்க

பாப்பா,

பெரம்பூரில் ஏறினால் பட்டரவாக்கம் போய்ச்சேரக் கால் மணி நேரம்போல ஆகும். இது அந்த நேரத்துக்கு. முதல்முறை நாளைக் காலையில் படி. அப்புறம் என்றைக்கெல்லாம் வயிற்றைப் பிசைகிறதோ அன்றைக்கெல்லாம் எடுத்துப் படித்துக்கொள். உட்கார இடம் கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் கம்பியைப் பிடித்துக்கொண்டே படி, அவசரமில்லை.

நேற்று மொட்டை மாடியில் துணி எடுக்கும்போது உன் புதுப் பதவியைப் பற்றி நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "சித்தப்பா, காலை மீட்டிங்ல நான் பேசும்போது என் குரலே எனக்கு வேஷம் போட்ட மாதிரி இருக்கு. டூல்ரூம்ல இருக்கிற பெரியவருக்கு 29 வருஷம் சர்வீஸ். என் வயசே 28. அவருக்கு நான் என்ன சொல்றது? ஒருநாள் எல்லாருக்கும் தெரிஞ்சிடும், இவளுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு."

அப்போது நான் பதில் சொல்லவில்லை. ஈரத்துணியும் கையுமாக நின்றுகொண்டு சொல்லிவிடக்கூடிய பதில் இல்லை அது. இரவு உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. உனக்கு வந்திருப்பது உனக்கு மட்டும் வந்ததில்லை. 1978-ல் அமெரிக்காவில் பாலின் கிளான்ஸ், சூசன் ஐம்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். அவர்கள் கவனித்தது 150-க்கும் மேற்பட்ட பெண்களை. நன்றாகப் படித்தவர்கள், தங்கள் துறையில் மதிக்கப்பட்டவர்கள். இருந்தும் அவர்களுக்குள் ஒரு நம்பிக்கை இறுகிப்போயிருந்தது: நமக்கு உண்மையில் அவ்வளவு அறிவு கிடையாது, மற்றவர்களை எப்படியோ ஏமாற்றிவிட்டோம், ஒருநாள் பிடிபடுவோம். நீ மாடியில் சொன்னதும் இதேதான். அந்த இருவரும் இதை நோய் என்று சொல்லவில்லை, ஒரு நிலை என்றுதான் சொன்னார்கள். பின்னாளில் ஆண்களுக்கும் இது வருவது தெரிந்தது. எனக்கு வந்ததற்கு நானே சாட்சி.

அந்தக் கதையை உன்னிடம் சொன்னதில்லை. உன் அப்பாவிடமும் சொன்னதில்லை.

எனக்கு 31 வயதில் சூப்பர்வைசர் பதவி கொடுத்தார்கள். எனக்குக் கீழே இருந்த லேத் ஆபரேட்டர்களில் இருவர், நான் பள்ளிக்கூடம் போகும்போதே அந்த மெஷினில் நின்றவர்கள். முதல் வாரம் 80 மில்லிமீட்டர் துளை போட்ட எஃகுப் பீஸ் ஓடிக்கொண்டிருந்தது. 80.000-லிருந்து 80.030 வரை இருக்கலாம். மெஷினிலிருந்து எடுத்த கையோடு துளையை அளக்கும் போர் கேஜை விட்டுப் பார்த்தேன். 80.008. சரி, ஓட்டுங்கள் என்றேன். பக்கத்தில் நின்ற பெரியவர் மெதுவாக, "ஆறட்டுமே சார்" என்றார்.

ஆறட்டுமே. ஒரே ஒரு சொல். எதற்கு ஆற வேண்டும் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. கேட்டிருக்கலாம். கேட்டால் இவனுக்கு இதுகூடத் தெரியாதா என்று நினைத்துவிடுவார்களோ என்று தொண்டை அடைத்தது. "டைம் இல்ல, ஓட்டுங்க" என்றேன்.

எஃகு சூட்டில் நீளும். ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 11, 12 மைக்ரான் வரை. அந்தப் பீஸ் கேஜை விட ஒரு 15 டிகிரி சூடாக இருந்திருக்கும். 80 மில்லிமீட்டர் துளைக்கு அது 14 மைக்ரான், அதாவது 0.014 மில்லிமீட்டர், கூடுதலாகக் காட்டும். அளவு என்பது எப்போதும் 20 டிகிரியில் பார்ப்பதுதான் கணக்கு. குவாலிட்டி ரூமில் ஏசியில் ஆறின பிறகு அதே பீஸ் 79.994 காட்டியது. 64 பீஸ் அப்படி ஓடியிருந்தது. துளை சின்னதாக இருந்ததால் மறுபடி கடையலாம், ஸ்கிராப் ஆகவில்லை. ஆனால் இரவு ஷிஃப்ட் முழுக்க அந்தப் பெரியவர்தான் நின்று 64-யும் திரும்ப மையம் பார்த்துக் கட்டிக் கடைந்தார். அடுத்த நாள் காலையில் கண் சிவந்து வெளியே வந்தவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குத் திட்டியிருக்கலாம் என்று இன்றைக்கும் தோன்றும்.

தெரியாமல் இருந்ததற்காக நான் வருந்தவில்லை பாப்பா. 31 வயதில் எல்லாச் சூட்டையும் கை அறிந்திருக்காது. தெரியாததை மறைத்தேன் பார், அதன் கூலியை இன்னொருவர் இரவெல்லாம் நின்று கொடுத்தார். பிடிபட்டுவிடுவோம் என்ற பயத்துக்கு இதுதான் மோசமான பக்கம். நம்மைக் கேட்க விடாது.

வில்லிவாக்கம் வந்திருக்கும். கூட்டம் ஏறும், கொஞ்சம் தள்ளி நின்றுகொள்.

இனி உன் விஷயம். உனக்கு ஏன் இந்தப் பதவி கொடுத்தார்கள் என்று நீ யோசித்திருக்கிறாயா? ஏதோ தப்பாகக் கொடுத்துவிட்டார்கள் என்றுதான் நீ நினைக்கிறாய். போன வருடம் நீ என்ன செய்தாய் என்று சாப்பிடும்போது எனக்குச் சொன்னது உனக்கே மறந்துவிட்டது, எனக்கு மறக்கவில்லை. ரிஜெக்ட் ஆன ஒவ்வொரு பீஸுக்கும் எதிரே அது ஓடின நேரத்தைப் பென்சிலால் எழுதி வந்தாய். யாரும் சொல்லவில்லை, நீயாக. மூன்று மாதம். அப்புறம் பார்த்தால் திங்கட்கிழமை காலை முதல் ஒரு மணி நேரத்தில்தான் ரிஜெக்ட் குவிந்திருந்தது. ஞாயிறு முழுக்க நின்ற மெஷின், சில்லென்று கிடக்கிறது. ஓட ஓட ஸ்பிண்டில் சூடாகி அளவு நகர்கிறது.

இது அந்த 29 வருடக்காரருக்குத் தெரியாதா? தெரியும். ஆபரேட்டர் எல்லோருக்கும் தெரியும். "மெஷினைக் கொஞ்சம் சும்மா ஓட விட்டுட்டு ஆரம்பிச்சா நல்லாருக்கும்" என்று அவர்கள் ஆண்டாண்டாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் முதல் மணிக்கு இத்தனை பீஸ் என்று டார்கெட் போர்டில் எழுதியிருந்தது. சும்மா ஓட விட யாருக்கு நேரம்? நீ அந்தப் பென்சில் கணக்கைக் கொண்டுபோய் மேனேஜர் மேஜையில் வைத்தாய். திங்கட்கிழமை முதல் மணி டார்கெட்டைக் குறைக்கச் சொன்னாய். 20 நிமிடம் வார்ம்-அப் வந்தது.

பார், மெஷினைப் பற்றி நீ அவர்களுக்கு எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. அவர்களுக்குத் தெரிந்தது நடப்பதற்கு இருபது நிமிடம் வாங்கிக் கொடுத்தாய். உன் புது வேலையும் அதேதான், கொஞ்சம் பெரிய அளவில். உன்னை டூல்ரூம் பெரியவரின் அளவுகோலில் வைத்துப் பார்த்தால் நீ குறைவாகத்தான் தெரிவாய். சத்தியமாகத் தெரிவாய், இன்னும் 20 வருடம் போனாலும் டூல் தீட்டுவதில் அவரை நீ எட்ட மாட்டாய். அந்த அளவுகோலை நீட்டிக்கொண்டு அவர் உன்னிடம் வரவில்லை. நீதான் தினமும் காலையில் அதை எடுத்துக்கொண்டு மீட்டிங்குக்குப் போகிறாய்.

கரிகாலன் கதை ஞாபகம் இருக்கிறதா? வழக்கோடு வந்த இரண்டு முதியவர்கள், இவ்வளவு சின்னப் பையனா நமக்குத் தீர்ப்பு சொல்வது என்று தயங்கினார்கள். அவன் நரைமுடி அணிந்து வந்து உட்கார்ந்தான், வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொன்னான், அவர்களும் மகிழ்ந்தார்கள். பழமொழி நானூற்றில் ஒரு வெண்பா இதைச் சொல்கிறது, நரைமுடித்துச் சொல்லால் முறைசெய்தான் என்று. சின்ன வயதில் அந்த நரைமுடிதான் எனக்குப் பிடித்திருந்தது. இப்போது படிக்கும்போது 'சொல்லால்' என்ற இடத்தில் நின்றுவிடுகிறேன். முடி அவர்களை உட்கார வைத்தது. அவர்கள் ஏற்றுக்கொண்டது சொல்லை. அவன் ஒரு நாள் அணிந்தான், கழற்றினான். நீ வாரம் ஆறு நாள், தினம் எட்டு மணி நேரம் நரைமுடியோடு நிற்க முடியாது. குரலைக் கட்டையாக்கிக்கொள்வது, தெரிந்த மாதிரித் தலையாட்டுவது, மீட்டிங்கில் வேண்டுமென்றே இரண்டு டெக்னிக்கல் வார்த்தை போடுவது, இதெல்லாம் நரைமுடிதான். உன் குரல் உனக்கே வேஷமாகக் கேட்பது அதனால்தான் என்று நினைக்கிறேன். உன் சொந்தக் குரலில் பேசிப் பார்.

இன்னொன்று கேட்டாய், இனிமேல் அவர்களை எப்படிக் கூப்பிடுவது என்று. இதுவரை அண்ணே என்றுதானே கூப்பிட்டாய்? அண்ணே என்றே கூப்பிடு. பதவி வந்த மறுநாள் முறையை மாற்றினால்தான் உறுத்தும். அவர்கள் மேடம் என்றால் அப்படியே இருக்கட்டும், தடுக்காதே. அதில் அவர்களுக்கும் ஒரு முறை இருக்கிறது.

அண்ணே என்று கூப்பிடுவதால் முடிவு எடுக்கக் கூடாது என்றில்லை. எல்லோரையும் கேட்டுவிட்டு, அவர்களில் ஒருவருக்குப் பிடிக்காத முடிவைச் சொல்ல வேண்டிய நாள் வரும். அன்றைக்குச் சுற்றி வளைக்காதே. "நீங்க சொன்னதை யோசிச்சேன் அண்ணே, இந்தக் காரணத்தால இப்படிப் போறோம், தப்பாப் போனா என் பொறுப்பு" என்று முகத்தைப் பார்த்துச் சொல். முகம் சுளிக்கலாம். அடுத்த நாள் டீ குடிக்கும்போது சரியாகிவிடும், பெரும்பாலும்.

இந்தப் பயம் முழுசாகப் போய்விடும் என்று உனக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன். எனக்கு ஓய்வு பெறும் வருடம்வரை ஆடிட் நாளன்று காலையில் உள்ளங்கை வேர்க்கும். வேர்த்த கையைத் துடைத்துக்கொண்டு கேஜை எடுப்பேன், அவ்வளவுதான். ஆனால் அந்த 64 பீஸுக்குப் பிறகு, தெரியாததைத் தெரியும் என்று நான் தலையாட்டியதே இல்லை. அந்தப் பெரியவரிடம் ஒரு மாதம் கழித்துப் போய், "அன்னைக்கு எதுக்குண்ணே ஆறணும்னு சொன்னீங்க?" என்று கேட்டேன். காரணம் அதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது, இருந்தும் கேட்டேன். சூடான பீஸ் ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "இந்தச் சூடு போகணும். கை தாங்குதுன்னா ஆறிடுச்சுன்னு அர்த்தம் இல்ல" என்றார். அதன் பிறகு அவர் ஓய்வு பெறும்வரை மதியச் சாப்பாடு அவரோடுதான்.

கொரட்டூர் தாண்டியிருக்கும். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொள், செருப்பு வாரைப் பார்த்துக்கொள். இன்றைக்குத் திங்கட்கிழமை, மெஷின்கள் சும்மா ஓடிக்கொண்டிருக்கும். மீட்டிங்குக்கு முன்னால் அந்த இருபது நிமிடத்தில் நேராக டூல்ரூமுக்குப் போ. கையில் நோட்டும் பென்சிலும் இருக்கட்டும். வணக்கம் சொல்லிவிட்டுக் கேள்: "அண்ணே, இந்த வாரம் உங்களுக்கு எது இடைஞ்சலா இருக்கு?"

அவர் சொல்வதை எழுதிக்கொள்.

சித்தப்பா