12 நாள் தாமதமாகப் பிறந்த என் நண்பனுக்குப் பிறந்தநாள் வாழ்த்து

முத்து, இன்று உனக்கு 34 வயது நிறைகிறது. நியாயமாகப் பார்த்தால் 12 நாட்களுக்கு முன்பே நிறைந்திருக்க வேண்டும். டாக்டர் குறித்துக் கொடுத்த தேதியை நம்பி உன் தாத்தா ஊரிலிருந்து பஸ் ஏறி வந்தார். ஒரு வாரம் இருந்து பார்த்தார். அறுப்பு வேலை கெடுகிறது என்று திரும்பிப் போய்விட்டார். அவர் ஊர் போய்ச் சேர்ந்த பிறகுதான் நீ வந்தாய். உனக்கென்று உன் மாமா மனதில் கணக்குப் போட்டு வைத்திருந்த நட்சத்திரமே மாறிப்போனது. "12 நாள் காக்க வைத்தான் தம்பி, வந்ததும் அழவில்லை, கொட்டாவி விட்டான்" என்று உன் அம்மா இன்றும் என்னிடம் முறையிடுகிறார். உன்னோடு 20 ஆண்டாகப் பழகுகிறவன் நான். அந்தக் கொட்டாவியை அப்படியே நம்புகிறேன்.

இந்த 20 ஆண்டில் மதுரையில் நான் உனக்காகக் காத்து நிற்காத இடம் இல்லை. தெப்பக்குளத்துப் படியில் எந்தக் கல் மாலை ஐந்து மணிக்கும் சுடும், எது ஆறு மணிக்கு ஆறும் என்று எனக்குத் தெரியும். மாட்டுத்தாவணியில் ஒரு டீக்கடைக்காரர் என்னைப் பார்த்ததும் "இன்னும் வரவில்லையா?" என்றுதான் கேட்பார். யார் என்று அவர் கேட்டதே இல்லை.

விளக்குத்தூண் பக்கம் ஒருநாள் ஜிகர்தண்டா வாங்கியது நினைவிருக்கிறதா? "வாங்கி வை, இரண்டே நிமிடம்" என்று நீ போனில் சொன்னாய். உன் தம்ளரை இடது கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். முதலில் மேலே இருந்த ஐஸ்கிரீம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பிறகு பாலுக்குள் மெல்ல முங்கியது. நன்னாரி சர்பத்தும் பாலும் ஒரே நிறமாகிப் போயின. கடல்பாசி அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. என் விரல் இடுக்கில் வழிந்ததை மோப்பம் பிடித்து இரண்டு ஈக்கள் வந்தன, அவை கூட உனக்கு முன்னால் வந்துவிட்டன. 35 நிமிடம் கழித்து வந்து, ஒரு வாய் குடித்துவிட்டு நீ கேட்டாய்: "இதில் ஐஸ்கிரீம் போடவில்லையா?" அந்தக் கேள்வியை உன்னைத் தவிர யாரும் கேட்டிருந்தால் அன்றோடு நட்பு முடிந்திருக்கும்.

உன் போன் பேச்சைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். "கிளம்பிவிட்டேன்" என்றால் படுக்கையில் எழுந்து உட்கார்ந்திருக்கிறாய். "வழியில் இருக்கிறேன்" என்றால் துண்டைத் தேடுகிறாய். "இதோ பக்கத்தில் வந்துவிட்டேன்" என்றால் செருப்பு கிடைத்துவிட்டது. போன மாதம் "கோரிப்பாளையம் சிக்னலில் மாட்டிக்கொண்டேன்" என்றாய். அதே நொடியில் பின்னால் குக்கர் விசில் அடித்தது. ஒன்று இல்லை, மூன்று. கோரிப்பாளையம் சிக்னலில் யாரப்பா பருப்பு வேக வைக்கிறார்கள்? நான் வாய் திறப்பதற்குள் உன் அம்மாவின் குரல் கேட்டது: "குளித்துவிட்டாவது பேசேன்."

சினிமாவுக்குப் போனால் இன்னும் மோசம். எந்தப் படத்தின் முதல் அரை மணி நேரத்தையும் நீ பார்த்ததில்லை. இருட்டில் என் காலை மிதித்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, "இவன் யார், இவனை ஏன் அடிக்கிறார்கள்?" என்று கேட்பாய். முன் வரிசை முழுவதும் திரும்பிப் பார்க்கும்.

ஒரு நண்பன் கல்யாணத்துக்குச் சென்னை கிளம்பியபோது நம் ரயில் 40 நிமிடம் தாமதம் என்றார்கள். பிளாட்பாரத்தில் நாங்கள் மூன்று பேரும் கைதட்டினோம், இன்றைக்காவது முத்து ரயிலைப் பிடித்துவிடுவான் என்று. நீயும் அந்தச் செய்தியைப் போனில் பார்த்திருக்கிறாய். பார்த்துவிட்டு 50 நிமிடம் கூடுதலாகத் தூங்கியிருக்கிறாய்.

உன் மனைவி வீட்டுக் கடிகாரங்களை 20 நிமிடம் முன்னால் தள்ளி வைத்தார். அருமையான யோசனை. ஆனால் நீ ஒவ்வொரு முறையும் மனக்கணக்காக 20 நிமிடத்தைக் கழித்துவிட்டு, அந்த மனக்கணக்கு போட்ட அலுப்பில் இன்னும் பத்து நிமிடம் உட்கார்ந்துவிடுகிறாய்.

நீ சொன்ன காரணங்களில் இரண்டுக்கு மட்டும் இன்று பதில் சொல்லியே தீர வேண்டும்.

முதலாவது, சூரியன். இந்திய நேரம் கிழக்கே 82.5 டிகிரி தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது, மதுரை இருப்பதோ ஏறக்குறைய 78 டிகிரியில், ஒரு டிகிரிக்கு 4 நிமிடம், ஆக மதுரையில் சூரியனே கடிகாரத்துக்குப் பதினேழு, பதினெட்டு நிமிடம் பின்னால்தான் வருகிறது என்றாய். கணக்கு சரி. பள்ளியில் புவியியல் வகுப்புக்கு நேரத்தோடு வந்திருந்தால் நூற்றுக்கு நூறு வாங்கியிருப்பாய். அன்று நீ வந்தது 70 நிமிடம் தாமதமாக. சூரியனின் பங்கு 18. மீதி 52 நிமிடம் எந்தக் கிரகத்தின் பங்கு?

இரண்டாவது, அழகர். தங்கை மீனாட்சியின் கல்யாணத்துக்கு வந்த அழகரே, வைகைக்கு வந்து சேர்வதற்குள் தாலி கட்டி முடிந்துவிட்டது என்று கேள்விப்பட்டுத்தானே வண்டியூர்ப் பக்கம் போனார் என்பாய். முத்து, அவர் வருவது அழகர்மலையிலிருந்து. வழியில் நூற்றுக்கணக்கான மண்டகப்படிகள். ஒவ்வொன்றிலும் நின்று, மூன்றுமாவடியில் எதிர்சேவை ஏற்று, தல்லாகுளத்தில் ஆண்டாள் மாலை சூடி, குதிரை வாகனத்தில் ஏறி வர வேண்டும். அப்படியும் ஆற்றில் இறங்கும் நேரத்தை முன்கூட்டியே அறிவித்துவிடுகிறார்கள். அதை நம்பி லட்சக்கணக்கான பேர் விடிய விடியக் கரையில் நிற்கிறார்கள். உன் வீட்டிலிருந்து என் வீடு மூன்று கிலோமீட்டர். உனக்கு எங்கே இருக்கிறது மண்டகப்படி?

இருக்கிறது. உன்னோடு ஒருநாள் நடந்து வந்தபோதுதான் பார்த்தேன். தெருமுனையில் அயர்ன் வண்டிக்காரரிடம் அவர் மகள் தேர்வு எழுதியதைப் பற்றி விசாரித்தாய். நமக்குக் கணக்கு எடுத்த வாத்தியார் வாசலில் நிற்கவே, அவருடைய போனை வாங்கி எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தாய். மூன்று கால் நாய்க்கு ஒரு பொறை. ஸ்டார்ட் ஆகாத யாரோ ஒருவருடைய ஸ்கூட்டரை நான்கு உதை உதைத்தாய். மூன்று கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். அன்று எனக்கு வந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

என் அப்பாவுக்கு இதய அறுவை சிகிச்சை நடந்த அன்று, சொந்தக்காரர்கள் எல்லாரும் மாலையே வந்துவிட்டார்கள். எட்டு மணிக்குள் எல்லாரும் போயும்விட்டார்கள். ஆறு மணிக்கு வருவதாகச் சொன்ன நீ பத்தே முக்காலுக்கு வந்தாய். சட்டைப் பட்டனை மாற்றிப் போட்டிருந்தாய், கையில் இட்லிப் பொட்டலம். அது இன்னும் சூடாக இருந்தது. "நீ சாப்பிட்டுவிட்டுப் படு" என்று அந்த இரும்பு நாற்காலியில் உட்கார்ந்தவன் மறுநாள் காலை ஒன்பது மணி வரை எழுந்திருக்கவில்லை. என் தங்கை கல்யாணத்திலும் முகூர்த்தத்துக்கு நீ இல்லை. ஆனால் இரவு ஒரு மணிக்கு, சமையல் பாத்திரங்களை எண்ணி வேனில் ஏற்றி, ஒரு கரண்டி குறைகிறது என்று பந்திக் கூடம் முழுவதும் தேடிக்கொண்டிருந்தது நீதான். வருவதைப் போலவே போவதிலும் உனக்குத் தாமதம். அதற்காக என் வீட்டில் உனக்கு எப்போதும் ஒரு தட்டு மூடி வைத்திருக்கிறது.

நீடூழி வாழ்க, முத்து. உடம்பைப் பார்த்துக்கொள். காலையில் அம்மா காலில் விழுந்து ஆசி வாங்கு, காலை என்பது பன்னிரண்டு மணிக்கு முன்னால் வருவது.

மற்ற நண்பர்களுக்கு ஒரு அறிவிப்பு: இன்று இரவு எட்டு மணிக்குக் கேக் வெட்டுகிறோம். முத்துவிடம் ஆறரை என்று சொல்லியிருக்கிறேன், யாரும் காட்டிக் கொடுத்துவிடாதீர்கள். இதை இங்கே வெளிப்படையாக எழுதுவதில் பயமில்லை. அவன் இந்தப் பதிவைப் படிக்க எப்படியும் நாளை மறுநாள் ஆகிவிடும்.