மூன்று வரித் தையல்

அப்போது தையல் கடைகள் எல்லாம் புது மண்டபத்துக்குள்ளேயே இருந்தன. குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறியது பிற்பாடு. மீனாட்சி அம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, திருமலை நாயக்கர் கட்டிய அந்த மண்டபத்தில் தூணுக்குத் தூண் மெஷின் போட்டிருப்பார்கள். வெளியே வெயில் கொளுத்தினாலும் கல் தரை குளுகுளுவென்றிருக்கும். மேலூரிலிருந்து வந்து காதர் பாயிடம் சேர்ந்தபோது எனக்குப் பதினேழு வயது.

முதல் எட்டு மாதம் காஜா எடுப்பது, கொக்கி கட்டுவது, ஹெம்மிங் அடிப்பது, டீ வாங்கி வருவது. மெஷினில் உட்கார விட்டதே தை மாதம்தான். உட்கார்ந்ததும் வேகம் வந்துவிட்டது. பெடலை மிதித்தால் மெஷின் பறக்கும். பக்கத்துக் கடை அண்ணன், "பாய், உங்க பையன் எக்ஸ்பிரஸ் ஓட்டுறான்" என்று சொன்னபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. பாய் ஒன்றும் சொல்லவில்லை.

அவர் என்னிடம் விடாமல் கேட்டது ஒன்றே ஒன்றுதான். பக்கத் தையலாக இருந்தாலும் கையின் அடித்தையலாக இருந்தாலும் மூன்று வரி போடணும். அளவில் ஒன்று, அதற்கு வெளியே கால் இஞ்ச் விட்டு ஒன்று, இன்னொரு கால் இஞ்சில் மூன்றாவது. "உடம்பு இன்னைக்கு மாதிரியே நாளைக்கும் இருக்காதுப்பா" என்பார். எனக்கு எரிச்சலாக இருக்கும். ஒரு பிளவுஸுக்கு ஒன்றரை பிளவுஸ் வேலை.

சித்திரைத் திருவிழா நெருங்கியிருந்தது. அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சுகிறவர்களின் உடுப்புக்கு ஒரு பக்கம் கூட்டம், முகூர்த்த பிளவுஸ்கள் ஒரு பக்கம். செல்லூர் அக்கா ஒருவர் மகள் கல்யாணத்துக்கு அரக்குப் பட்டில் ஜரிகைக் கரை வைத்துத் தைக்கக் கொடுத்திருந்தார். மறுநாள் காலை முகூர்த்தம், மாலை ஐந்து மணிக்கு வந்து வாங்கிக்கொள்வதாகப் பேச்சு. வெட்டியது பாய். கையை மூட்டும் வேலையை என்னிடம் விட்டிருந்தார்.

மூன்றரைக்கே முடித்துவிட்டேன். நிமிர்ந்து நீட்டினேன். பாய் உள்ளே கையை விட்டு விரித்துப் பார்த்தார். தோளுக்கு முன்னால் துணி சுருண்டு இழுத்தது. அவர் எதுவும் சொல்வதற்கு முன்னாலேயே எனக்கு விளங்கிவிட்டது. கையில் முன்பக்கத்தைக் கொஞ்சம் கூடுதலாகக் குடைந்து வெட்டியிருக்கும். அது மார்புப் பக்கம் வரவேண்டும். நான் வலது கையை இடதிலும் இடது கையை வலதிலும் மூட்டி வைத்திருந்தேன். அதுவும் ரெட்டைத் தையல் போட்டு.

அவர் வாயைத் திறக்குமுன் சரிசெய்துவிட வேண்டும் என்று பிளேடை எடுத்து மூட்டில் வைத்து இழுத்தேன். நூல் பரபரவென்று அறுந்து வந்தது. சுலபமாகத்தான் இருக்கிறது என்று நினைத்த மறு நொடி ஒரு சத்தம் கேட்டது. பட்டு கிழிகிற சத்தம். பெரிய கிழிசல் இல்லை, விரல் நகத்தளவு. ஆனால் உடம்புத் துணியில்.

கை நடுங்கியது. அந்தத் துணியின் விலை எனக்குத் தெரியும்.

பாய் என் கையிலிருந்த பிளேடை வாங்கி மெஷின் டிராயருக்குள் போட்டார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, பிளவுஸை எடுத்துக்கொண்டு வெளிச்சம் விழுகிற தூணடிக்கு நகர்ந்தார். "வா, இங்கிட்டு உக்காரு" என்றார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது.

ஊசி ஒன்றை எடுத்தார். மூட்டின் மேல்நூலில் ஒரு தையலை ஊசி முனையால் தூக்கி, சின்னக் கத்தரி நுனியால் நறுக்கினார். ஐந்து தையல் தள்ளி அடுத்ததை நறுக்கினார். அப்புறம் மறுபடி ஐந்து. இஞ்சுக்குப் பன்னிரண்டு தையல், கைக்குழி சுற்றளவு பதினாறு இஞ்ச், இரண்டு வரி. நான் மனசுக்குள் பெருக்கிப் பார்த்துவிட்டுப் பயந்துபோனேன். அவருக்கு அந்தக் கணக்கே கிடையாது போல. அரை வட்டம் வந்ததும் துணியைத் திருப்பி, அடிநூலின் முனையைப் பிடித்து மெல்லத் தூக்கினார். பாபின் நூல் அறுபடாமல் ஒரே இழையாக, சுருள் சுருளாகக் கழன்று வந்தது. மேலே நின்ற துணுக்குகளை எச்சில் தொட்ட விரலால் ஒற்றி எடுத்தார். பிறகு கட்டைவிரல் நகத்தால் ஊசி ஓட்டைகளின் மேல் குறுக்கும் நெடுக்குமாக மெதுவாக நீவினார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓட்டைகள் மங்கி, பட்டு கூடிக்கொண்டது. அந்த நகம் பழுத்து, ஓரம் தேய்ந்து வழவழவென்றிருக்கும். அது எதனால் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

ஐந்து மணிக்குச் செல்லூர் அக்கா வந்துவிட்டார். நான் தலை நிமிரவில்லை.

"வாம்மா. கையை மாத்தி வச்சுட்டோம். ஒரு இடத்துல துணியும் விட்டிருச்சு. வெளிய தெரியாமப் பண்ணித் தர்றேன். ஏழு மணி ஆகும்."

"பாய், நாளைக்கு முகூர்த்தம்…"

"தெரியும்மா. போட்டுப் பாத்து உங்களுக்குப் பிடிக்கலைன்னா துணிக்காசு நான் தர்றேன்."

அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு பக்கத்தில் வளையல் வாங்கிவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார். 'வச்சுட்டோம்' என்று பாய் சொன்னது என் காதிலேயே நின்றது. கையை மாற்றி மூட்டியது நான் மட்டும்தான்.

"கிழிசலை என்ன பாய் பண்றது?" என்று கேட்டேன். குரல் கம்மிப்போயிருந்தது.

"மூட்டைக் கொஞ்சம் உள்ள தள்ளிப் பிடிப்போம். கிழிசல் தையலுக்கு அங்கிட்டுப் போயிரும்." சாக்பீஸால் புதுக் கோடு போட்டுக் காட்டினார். "ஆனா கைக்குழி பெருசாயிரும். அப்ப கையி?"

"பத்தாது."

"எத்தனை வரி போட்ட?"

கையின் அடித்தையலைத் திருப்பிப் பார்த்தேன். முனகிக்கொண்டே போட்ட மூன்று வரியும் இருந்தன. உள்வரியை மேலே கொஞ்ச தூரம் பிரித்துவிட்டால் கால் இஞ்ச் அளவில் இரண்டு பக்கமும் துணி கிடைக்கும். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் அதைப் பார்க்காதவர் போல நூலைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

பள்ளிவாசலில் மக்ரிப் பாங்கு கேட்டது. பாய் முழங்காலைப் பிடித்து எழுந்து, ஊசியை என் முன்னால் துணியில் குத்தி வைத்தார். "அந்தக் கையை நீ பிரி. தொழுதுட்டு வந்துர்றேன்."

தனியே உட்கார்ந்தேன். முதல் தையலைத் தூக்கவே இரண்டு மூன்று தடவை ஊசி வழுக்கியது. நறுக்கினேன். ஐந்து எண்ணினேன். நறுக்கினேன். அவசரப்பட்ட இடத்தில் நூல் நடுவில் அறுந்தது. அங்கே திரும்ப முனையைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. எங்கே வேகமாக மிதித்தேனோ அங்கே தையல் நெருங்கியும் நீண்டும் கோணியிருப்பது பிரிக்கும்போது தெரிந்தது. அன்றைக்கு நான் ஓட்டிய ஓட்டமெல்லாம் அந்தத் துணியில் இருந்தது. சுற்றிலும் மெஷின்கள் கடகடத்தன, யாரோ சில்லறைக்குக் கூப்பிட்டார்கள், நான் எண்ணிக்கொண்டிருந்தேன். கடைசி அரை வட்டத்தில் அடிநூல் முழுசாக வந்தது. அதை விரலில் சுற்றிப் பார்த்தேன்.

பாய் திரும்பி வந்து டியூப்லைட் வெளிச்சத்தில் பிளவுஸைப் பிடித்தார். ஓரம் முழுக்கக் கட்டைவிரலை ஓட்டினார். அக்குள் கிட்டே விரல் நின்றது.

"ஒண்ணு விட்டுட்ட" என்று துணியை என்னிடமே கொடுத்தார்.

பார்த்தேன். மயிரளவு நூல் துணுக்கு. விரலை எச்சிலில் தொட்டுக் குனிந்தேன். பாய் அயன் பாக்ஸ் பிளக்கைச் சொருகினார்.